அரை மணி நேரத்துக்கு மூணு வாரம்

"தம்பி, ஒரு கடுதாசி எழுதித் தரணும். நோம்பு மாசம் வருது. சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னாடி விடச் சொல்லி மேனேஜர்ட்ட கேக்கணும்."

2023 மார்ச் தொடக்கத்தில் ராத்தா என்னிடம் இப்படிக் கேட்டார். நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். எட்டயபுரத்துப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற வேலை. என் சித்தியும் அதே ஆபீஸில், அதே வரிசையில் உட்கார்ந்து அடைப்பவர். எங்கள் காலனியிலிருந்து மட்டும் பதினைந்து பெண்கள் அங்கே போகிறார்கள். ஆபீஸ் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெண்கள் இன்றும் அதே வேனில்தான் ஏறுகிறார்கள்.

உமறுப்புலவர் அடக்கமாகியிருக்கிற ஊர் இது. ரம்ஜான் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நோன்பு வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பது, பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த ஆண்டு நோன்பு மார்ச் 24 அன்று தொடங்கியது. நம் பகுதியில் அப்போது சூரியன் மறைவது 6.30 மணியை ஒட்டி. சஹர் முடிவது காலை 5 மணியை ஒட்டி. ஆக, பதிமூன்றரை மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆபீஸில் வேலை 9 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடியும். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. 6.10க்கு ஆபீஸ் வேன் புறப்படும். ஊர் ஊராக நின்று ராத்தாவின் ஊருக்கு வரும்போது 6.50 ஆகிவிடும். நோன்பு திறக்கிற நேரத்தில் அவர் வேனில் இருப்பார். பல வருஷமாக வேனுக்குள் ஒரு பேரீச்சம்பழமும் பாட்டில் தண்ணீருமாகத்தான் நோன்பு திறந்திருக்கிறார். வீட்டில் பிள்ளைகள் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அம்மா வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும்.

நான் கடிதம் எழுதினேன். இரண்டரைப் பக்கம். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மதச் சுதந்திரம், அண்ணல் அம்பேத்கர், சிறுபான்மையினர் உரிமை எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரியில் "ஒரு மணி நேரம் முன்னதாக அனுமதிக்க வேண்டுகிறேன்" என்று முடித்திருந்தேன்.

மேனேஜர் முதல் பக்கத்தோடு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஏம்மா, இது ஆபீஸா கோர்ட்டா? ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாக. முடியலன்னா விட்டுக்கிடலாம்னு உங்க மார்க்கத்துலயே இருக்குல்ல?"

ராத்தா அந்த இடத்தில் ஒரு பதில் சொல்லியிருக்கிறார். சித்தி என்னிடம் அப்படியே சொன்னார். "அது சீக்காளிக்கு சார், பயணத்துல இருக்கவங்களுக்கு, மாசமா இருக்கவங்களுக்கு. நான் நல்லாத்தானே இருக்கேன். வேலை செய்யமாட்டேன்னு சொல்லலையே, எப்ப செய்யுதேன்னுதானே கேக்கேன்."

இந்தக் கடைசி வாக்கியம் என் இரண்டரைப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

என் கடிதத்தில் இரண்டு தப்பு இருந்தது, தோழர்களே. நம்மைப் போல மனு எழுதிக் கொடுக்கிற பலர் செய்கிற தப்பு என்பதால் சொல்கிறேன்.

முதல் தப்பு, 25ஆம் பிரிவு. அடிப்படை உரிமை என்பது பெரும்பாலும் அரசை நோக்கி நீட்டுகிற கை. தனியார் முதலாளியின் கழுத்தை அது நேராகப் பிடிக்காது. தனியார் நிறுவனத்தில் நோன்புக் காலத்துக்கு வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. அரசு ஊழியருக்கே அது ஆட்சியாளரின் உத்தரவைப் பொறுத்தது. தெலங்கானாவில் முஸ்லிம் ஊழியர்கள் ரம்ஜான் மாதத்தில் மாலை 4 மணிக்குக் கிளம்பலாம் என்று அரசு உத்தரவு போடுகிறது. டெல்லியில் 2022 ஏப்ரலில் குடிநீர் வாரியமும் புதுடெல்லி மாநகராட்சிக் கவுன்சிலும் அதே மாதிரி சுற்றறிக்கை விட்டன. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டையும் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டன. உத்தரவாக வருவது உத்தரவாகவே போய்விடும். சட்டத்தில் இல்லாத உரிமையை இருப்பதுபோல எழுதினால், படிக்கிறவருக்கு அது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நாம் சொல்கிற நியாயமும் எடுபடாது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிது. "ஒரு மணி நேரம் முன்னதாக" என்று கேட்டேன். அடைப்பு வேலைக்கு எண்ணிக்கைக் கூலி. ஒரு மணி நேரம் குறைந்தால் முதலாளிக்கு உற்பத்தி குறையும், ராத்தாவுக்குக் கூலி குறையும். இரண்டு பேருக்கும் நஷ்டமான ஒன்றை உரிமை என்ற பெயரில் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டது நேரத்தைக் குறைக்க அல்ல, நகர்த்த.

அப்படியானால் எப்படி நகர்த்துவது? சித்தி வீட்டுத் திண்ணையில் நானும் ராத்தாவும் சித்தியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

9 முதல் 6 வரை ஒன்பது மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி போக, வேலை எட்டு மணி. நோன்பு வைத்தவருக்குச் சாப்பாட்டு நேரம் எதற்கு, அதைக் கழித்துவிட்டு 5 மணிக்குப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. அது நடக்காது. தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 55ஆம் பிரிவின்படி, யாரையும் அரை மணி நேரமாவது ஓய்வு விடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. "எனக்கு ஓய்வு வேண்டாம்" என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அப்படிச் செல்லும் என்றால் எல்லாரிடமும் எழுதி வாங்கிவிடுவார்கள். அதனால்தான் சட்டம் அப்படி இருக்கிறது. அதோடு அந்த அரை மணி ராத்தாவுக்கும் வேண்டும். லுஹர் தொழ வேண்டும், கொஞ்சம் தலை சாய்க்க வேண்டும்.

ஆனால் சட்டம் கேட்பது அரை மணிதான், ஒரு மணி அல்ல. அங்கே அரை மணி கிடைத்தது. மீதி அரை மணியைக் காலையில் எடுத்தோம். 8.30க்குத் தொடங்கி 1 மணி வரை நாலரை மணி நேரம். 1 முதல் 1.30 வரை ஓய்வு. 1.30 முதல் 5 வரை மூன்றரை மணி நேரம். மொத்தம் எட்டு. ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை.

காலை அரை மணி ராத்தாவுக்கு லாபம் என்பதை அவரே சொன்னார். சஹருக்கு நாலு மணிக்கே எழுந்தாயிற்று. காலையில் வயிற்றில் சோறு இருக்கும், வெயில் ஏறியிருக்காது, கை ஓடும். மூணு மணிக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே கண் இருட்டும், அடைத்த பெட்டியையே திரும்ப எண்ணத் தோன்றும். எண்ணிக்கைக் கூலிக்காரருக்குக் காலை அரை மணியும் மாலை அரை மணியும் ஒன்றில்லை. முதலாளிக்கும் ஒன்றில்லை.

வேன் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு விடை சித்தியிடம் இருந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் ஒன்று காலை எட்டுக்குள் ஊரைத் தாண்டிப் போகும், சாயங்காலம் ஐந்தே காலுக்குத் திரும்பும். வேன் தேவையே இல்லை.

இவ்வளவும் ஒழுங்காக வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டபோது, அடுத்த தடை நம் பக்கத்திலிருந்தே வந்தது.

மறுநாள் வேனில் பேச்சு எழுந்திருக்கிறது. "அவளுக்கு மட்டும் என்ன? நமக்கு எப்பவாவது விட்டாகளா?" கேட்டவர்கள் எங்கள் காலனிப் பெண்கள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்ன பதிலில் கோபம் அடங்கிவிட்டது. அம்மாவும் சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர்தான். "மேலத்தெரு கோயில் கொடைன்னா ஆபீஸையே பூட்டிருவாக. நம்ம அம்மன் கொடைக்கு அரை நாள் கேட்டதுக்கு, போறவ திரும்பி வராதன்னாக. அந்த வயித்தெரிச்சல் அவளுகளுக்கு இருக்காதா?"

இருக்கும்தான். நேரம் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. சிலருடைய திருவிழா காலண்டரிலேயே விடுமுறையாக அச்சாகி வரும். சிலருடைய திருவிழாவுக்கு மனுப் போட வேண்டும். மனுப் போட வேண்டியவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டால் மேனேஜருக்கு வேலை மிச்சம்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2008இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிராண்ட் ஐலண்ட் என்ற ஊரில், ஸ்விஃப்ட் இறைச்சி ஆலையில் இதேதான் நடந்தது. சோமாலியாவிலிருந்து வந்த முஸ்லிம் தொழிலாளர்கள் ரம்ஜானில் சூரியன் மறையும் நேரத்துக்கு இடைவேளையை நகர்த்தக் கேட்டு வெளியே வந்தார்கள். நிர்வாகம் ஒத்துக்கொண்டது. உடனே மற்ற தொழிலாளர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களே, அவர்களுக்கு மட்டும் சலுகையா, எங்கள் கூலி குறையுமா என்று எதிர்ப்போராட்டம் நடத்தினார்கள். நிர்வாகம் கொடுத்ததைத் திரும்பப் பெற்றது. சோமாலியத் தொழிலாளர்கள் பலருக்கு வேலை போனது. பக்கத்திலிருப்பவரிடம் பேசாமல் மேலே இருப்பவரிடம் மட்டும் வாங்கின சலுகையின் ஆயுள் அவ்வளவுதான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். ராத்தாவே பேசினார். "நான் உங்க வேலையில எதையும் உங்க தலையில கட்டல. எட்டு மணி நேரம் எனக்கும் எட்டு மணி நேரந்தான். உங்களுக்கும் 8.30க்கு வந்து 5 மணிக்குப் போறது தோதுன்னா சேர்ந்துக்கிடுங்க." அவ்வளவுதான். ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஒருத்திக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை. ஒருத்திக்குப் பால் கறக்கிற மாடு. இன்னொருத்திக்கு ஒன்றுமில்லை, "வெளிச்சத்தோட வீடு சேரலாம்ல" என்றாள். நோன்பு வைக்கிற இருவரும் இந்த ஐவருமாக ஏழு பேர்.

ஏழு பேர் ஆனதில் இன்னொரு சிக்கலும் தானாகத் தீர்ந்தது. தீப்பெட்டி ஆபீஸில் தனியாக ஒருத்தரை உட்காரவைத்து வேலை வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. மருந்து ஏறின குச்சி நெருப்பு. அதை ராத்திரியே எடுத்து வெளியில் வைத்துவிட்டுப் போகவும் முடியாது. காலையில் கணக்குப்பிள்ளை வந்து பூட்டைத் திறந்து குச்சி அளந்து கொடுத்தால்தான் அடைப்பு தொடங்கும். ஒருத்திக்காக அவர் அரை மணி முன்னால் வர மாட்டார். ஏழு பேர் என்றால் அது ஒரு வரிசை. இரண்டு கணக்குப்பிள்ளைகளில் ஒருவரிடம் சித்தி போய்ப் பேசினார். அவருக்கும் ஐந்து மணிக்குப் போவதில் சந்தோஷம்தான்.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம். அதில் இருந்தது இவ்வளவுதான்: "மார்ச் 24 முதல் ரம்ஜான் முடியும் வரை, கீழே கையெழுத்திட்ட ஏழு பேருக்கும் வேலை நேரம் காலை 8.30 முதல் 1 வரை, 1.30 முதல் 5 வரை என மாற்றித் தரக் கேட்கிறோம். மொத்தம் எட்டு மணி நேரம் மாறாது. சாப்பாட்டு இடைவேளை அரை மணியாக எங்களுக்குச் சம்மதம். வேன் தேவையில்லை. காலையில் குச்சி அளந்து கொடுக்க இன்ன கணக்குப்பிள்ளை வரச் சம்மதித்திருக்கிறார். ரம்ஜான் முடிந்ததும் பழைய நேரத்துக்கே வந்துவிடுவோம்." ஏழு கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக ஆபீஸ் முத்திரை கேட்டு வாங்கச் சொன்னேன்.

மேனேஜர் இந்த முறை கடைசி வரை படித்தார். படித்துவிட்டு ஒரு உண்மையான பயத்தைச் சொன்னார். "இன்ஸ்பெக்டர் வந்தா நான் என்ன சொல்லட்டும்?"

இதைச் சாக்கு என்று நினைத்துவிடக் கூடாது. தொழிற்சாலை வாசலில் வேலை நேரம் எழுதின பலகை ஒன்று தொங்குமே, அது அலங்காரம் இல்லை. 61ஆம் பிரிவின்படி அது கட்டாயம். அதில் 9 மணி என்று போட்டிருக்க, 8.30க்கு ஒருத்தர் வேலை செய்துகொண்டிருந்தால் மாட்டுவது மேனேஜர். பதிவேட்டில் இல்லாத கூடுதல் வேலையை வாங்கித் தொழிலாளியை ஏமாற்றாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அதே பிரிவு, தொழிலாளர்களைக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு நேரம் வைக்க இடம் கொடுக்கிறது. மாற்றம் செய்யும் முன்பு இன்ஸ்பெக்டருக்கு இரண்டு பிரதியில் தெரிவிக்க வேண்டும். ஒரு தடவை மாற்றினால், அவர் முன் அனுமதி இல்லாமல் ஒரு வாரத்துக்குள் மறுபடியும் மாற்றக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

நோன்பு தொடங்கின பிறகு போய்க் கேட்கிறவர்களுக்கு ஏன் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்ற பதிலே கிடைக்கிறது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. கடுதாசி போக வேண்டும், பலகை மாற வேண்டும், பதிவேட்டில் குழு எழுத வேண்டும். கேட்பதற்கான காலம் ஷஃபான் மாதம், பிறை பார்த்த பிறகு இல்லை. எங்களுக்கு மொத்தம் மூணு வாரம் ஆனது. மார்ச் 24 வெள்ளிக்கிழமை, முதல் நோன்பு அன்று, ஏழு பேரும் 8.30க்கு உள்ளே போனார்கள். அன்று சாயங்காலம் ராத்தா வீட்டு வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நோன்பு திறந்தார். சித்திக்கு ஒரு தூக்குவாளி கஞ்சி வந்தது.

எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. அதே ஆபீஸில் மருந்து முக்குகிற பக்கம் ஒரு பெண் நோன்பு வைத்திருந்தார். அங்கே மெஷின் ஓட்டத்தோடு வேலை. ஒருத்தர் நேரத்தை மட்டும் நகர்த்த முடியாது, சூடும் அதிகம். அவருக்கு எங்களால் செய்ய முடிந்தது, அந்த மாதத்துக்கு அடைப்புப் பக்கம் மாற்றக் கேட்டதுதான். மாற்ற மறுத்துவிட்டார்கள். அவர் கடைசிப் பத்து நாளில் நாலு நோன்பை விட்டுவிட்டார். பின்னால் களாச் செய்ததாகச் சொன்னார்.

அந்த வருஷத்துக் கடைசி நோன்பு ஏப்ரல் 21. அன்று சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்த மசோதா நிறைவேறியது. நிறுவனம் கேட்டால், வேலை நேர வரம்புகளிலிருந்து அதற்கு விலக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, இது வெறும் நெகிழ்வுதான் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் எழுந்தன. மே 1 அன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

பெருநாள் அன்று ராத்தா வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ராத்தா கேட்டார்: "ஏன் தம்பி, அவங்களுக்கு நாலு மணி நேரம் நகத்த ஒரே நாள்தானா? நமக்கு அரை மணிக்கு மூணு வாரம் ஆச்சே?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போதும் என்னிடம் வேறு பதில் இல்லை. நேரத்தை நகர்த்தக் கூடாது என்று யாரும் இல்லை, யார் கேட்டு நகர்த்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போய்வந்த நம் பிள்ளைகளைக் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ரம்ஜான் மாதம் தனியார் ஊழியர் எல்லாருக்கும், எந்த மதமானாலும், தினம் இரண்டு மணி நேரம் வேலை குறையும். சவூதியில் அந்தக் குறைப்பு முஸ்லிம்களுக்கு மட்டும். எங்கள் ஏழு பேர் குழு, தெரியாமலே முதல் வழியில் போயிருந்தது. அதனால்தான் நிலைத்தது என்று நினைக்கிறேன்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் ஒன்றிய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. நான் மேலே சொன்ன பிரிவு எண்களை இனி அப்படியே கடிதத்தில் எழுதாதீர்கள். நேரத்தைக் கூட்டிக் காட்டுங்கள், குழுவாகக் கையெழுத்துப் போடுங்கள், யார் பூட்டைத் திறப்பார் என்பதுவரை எழுதுங்கள், பிறைக்கு முன்பே கொடுங்கள்.

அடுத்த வருஷ ரம்ஜானுக்கு ராத்தா என்னிடம் வரவில்லை. பழைய கடிதத்தின் முத்திரை போட்ட பிரதியை எடுத்து, தேதியை மட்டும் மாற்றித் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த முறை கையெழுத்து பதினொன்று. அந்த வருஷம் எங்கள் அம்மன் கொடைக்கு அரை நாள் கேட்டுக் காலனிப் பெண்கள் எழுதின கடுதாசியில், முதல் கையெழுத்து ராத்தாவுடையது.